ஆறு சிட்டிங் ஃபேஷியல்: சலூன் பில்லிங் சாஃப்ட்வேருக்கு ஒரு பரீட்சை

சலூனுக்கும் பியூட்டி பார்லருக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் விற்க வருகிறவர்கள், டெமோவில் முதலில் திறந்து காட்டுவது அப்பாயின்ட்மென்ட் காலண்டரை. யார் எத்தனை மணிக்கு வருகிறார், எந்த நாற்காலி காலி என்பது கலர் கலராகத் தெரியும். அடுத்து வாட்ஸ்அப்பில் பில் போவதையும் வாடிக்கையாளருக்குப் பிறந்தநாள் வாழ்த்து தானாகப் போவதையும் காட்டுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இன்று சந்தையில் கிடைக்கும் ஏறக்குறைய எல்லா சாஃப்ட்வேரும் இந்த வேலைகளை ஓரளவு ஒழுங்காகவே செய்துவிடும். இதை வைத்து எது நல்லது, எது நமக்கு ஒத்துவராது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

வித்தியாசம் தெரிய ஆரம்பிப்பது பேக்கேஜில். ஒருவரிடம் இன்று மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு, அதற்கான வேலையை ஆறு மாதமோ ஒரு வருடமோ பரப்பிச் செய்து கொடுப்பதுதான் பேக்கேஜ். பணம் வரும் நாள் வேறு, வேலை நடக்கும் நாள் வேறு. பேக்கேஜை விற்றவர் ஒருவர், கைவைத்து வேலை செய்பவர் இன்னொருவர். கமிஷன் கணக்கும் மாதக் கடைசி ரிப்போர்ட்டும் சிக்கலாவது இங்கேதான். அதனால் சாஃப்ட்வேர் வாங்குமுன் ஒரே ஒரு பேக்கேஜை முதலிலிருந்து கடைசிவரை அதில் ஓட்டிப் பார்த்தால் போதும், அதன் யோக்கியதை தெரிந்துவிடும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். நடுத்தர ஊர் ஒன்றில், ஐந்தாறு பேர் வேலை செய்யும் பார்லர். ஃபேஷியலுக்குத் தனியாக 1,800 ரூபாய். ஆறு சிட்டிங்கை மொத்தமாக எடுத்தால் 9,000 ரூபாய், அதாவது சிட்டிங் ஒன்றுக்கு 1,500. வரி தனி. ரிசப்ஷனில் இருக்கும் ரேவதி இந்த பேக்கேஜை ஒரு வாடிக்கையாளருக்கு விற்கிறார். விற்றதற்காக அவருக்கு 3 சதவீதம், 270 ரூபாய். ஃபேஷியல் செய்யப்போவது ஷீலா.

பில் போடுகிறோம். 2025 செப்டம்பர் 22 முதல் சலூன், பார்லர் சேவைகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுவிட்டது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: வாங்கும் பொருளுக்கும் கட்டும் வாடகைக்கும் கொடுத்த வரியை இதில் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே பதிவு செய்த பார்லரில் இந்த பேக்கேஜுக்கு வாடிக்கையாளர் கட்டுவது 9,450 ரூபாய். சேவைக்காக முன்பணம் வாங்கினாலும், வாங்கிய அன்றே வரி கட்டும் பொறுப்பு வந்துவிடுகிறது. முழுப் பணத்துக்கும் இப்போதே பில் போட்டு வரி கட்டிவிட்டோம் என்றால், பிறகு ஒவ்வொரு சிட்டிங்குக்கும் மறுபடி வரி விழக் கூடாது. இது முதல் சோதனை. டெமோவிலேயே பேக்கேஜை விற்கச் சொல்லி, உடனே ஒரு சிட்டிங்கைக் கழிக்கவும் சொல்லுங்கள். அந்தப் பில்லில் மறுபடியும் 5 சதவீதம் எட்டிப் பார்த்தால், ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி கட்டப்போகிறீர்கள்.

அதே பில்லைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் இப்படி இருக்கும்: முதல் வரியில் ஃபேஷியல் 1,800. கீழே 'பேக்கேஜில் கழித்தது' என்று 1,800. மொத்தம் 0. வாடிக்கையாளருக்கு இது சரியான பில். அவர் இன்று பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரு மணி நேரம் நின்று வேலை பார்த்த ஷீலாவுக்கு இந்தப் பில்லிலிருந்து எவ்வளவு சேர்கிறது? சாஃப்ட்வேருக்குள் அதற்கு மூன்று விதமான பதில் இருக்கலாம். பில் தொகையை மட்டும் பார்க்கும் சாஃப்ட்வேர் 0 என்று எடுத்துக்கொள்ளும். விலைப்பட்டியலைப் பார்ப்பது 1,800 என்று எடுக்கும். பேக்கேஜில் வாடிக்கையாளர் உண்மையில் கொடுத்ததைப் பார்ப்பது 1,500 என்று எடுக்கும்.

இந்த மூன்றில் எதை எடுக்கிறது என்பது மாதக் கடைசியில் எவ்வளவு பெரிய வித்தியாசமாக வளர்கிறது என்று பாருங்கள். ஷீலாவின் சம்பளம் 15,000 ரூபாய். பல சலூன்களில் இருப்பதுபோல சம்பளத்தின் மூன்று மடங்கு, 45,000 ரூபாய், அவருக்கு டார்கெட். அதற்கு மேல் செய்யும் வேலைக்கு 10 சதவீதம் இன்சென்டிவ். இந்த மாதம் அவர் செய்த சாதாரண வேலை 40,000 ரூபாய்க்கு. அதோடு பேக்கேஜ் வாடிக்கையாளர்களுக்கு 12 ஃபேஷியல் செய்திருக்கிறார்.

சிட்டிங்கை 1,500 என்று எடுத்தால் 18,000 சேர்ந்து மொத்தம் 58,000 ஆகிறது. டார்கெட்டைத் தாண்டிய 13,000-க்கு 1,300 ரூபாய் இன்சென்டிவ். 1,800 என்று எடுத்தால் மொத்தம் 61,600, இன்சென்டிவ் 1,660. பூஜ்யம் என்று எடுத்தால் அவர் கணக்கு 40,000-லேயே நின்றுவிடும். டார்கெட்டையே தொடவில்லை, ஒரு ரூபாய்கூட இல்லை. அதே மாதம், அதே உழைப்பு.

பூஜ்யமாக எடுக்கும் சாஃப்ட்வேர் வந்த பார்லரில் என்ன நடக்கும் என்பதை யாரும் வெளியே சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள், ஆனால் பார்த்தாலே தெரியும். பேக்கேஜ் வாடிக்கையாளர் உள்ளே வந்தால் ஆளாளுக்கு வேறு வேலையில் இருப்பார்கள். "அக்கா, எனக்கு ஒரு ஹேர் கலர் பாதியில நிக்குது, இவங்கள ஷீலா பாத்துக்கட்டும்" என்பார் ஒருவர். ஷீலா வேறு வழியில்லாமல் செய்வார். ஒரு மணி நேர ஃபேஷியல் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். வாடிக்கையாளருக்குத் தான் முன்கூட்டியே பணம் கொடுத்ததே தப்போ என்று தோன்ற ஆரம்பிக்கும். அடுத்த வருடம் அவர் பேக்கேஜைப் புதுப்பிக்க மாட்டார். முதலாளி பெண்களைக் கடிந்துகொள்வார். கோளாறு இருப்பது கணக்கில்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. விற்ற அன்றே 9,000 ரூபாய்க்கான முழுக் கமிஷனையும் விற்றவர் கணக்கில் போட்டுவிடும் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. அப்படியானால் எல்லாரும் பேக்கேஜ் விற்கத்தான் ஓடுவார்கள். தேவையில்லாதவர் தலையிலும் கட்டுவார்கள். விற்றவர் மூன்று மாதத்தில் வேறு பார்லருக்குப் போய்விட்டால், மீதி நான்கு சிட்டிங்கை இருப்பவர்கள் கமிஷன் இல்லாமல் செய்து கொடுக்க வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால் நியாயமான வழி இது: விற்றவருக்குச் சிறிய தொகை, ஒரே முறை. செய்பவருக்கு ஒவ்வொரு சிட்டிங்குக்கும், வாடிக்கையாளர் உண்மையில் கொடுத்த விலையான 1,500-ஐ வைத்துக் கமிஷன். 1,800-ஐ வைத்துக் கொடுப்பது பெண்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். முதலாளி விருப்பப்பட்டுக் கொடுத்தால் அதில் தவறும் இல்லை. ஆனால் கைக்கு வராத 300 ரூபாய்க்கும் சேர்த்துக் கொடுக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே சாஃப்ட்வேரில் விற்பனைக் கமிஷனும் சேவைக் கமிஷனும் தனித்தனியாக இருக்கிறதா, பேக்கேஜ் சிட்டிங்கின் மதிப்பை எந்த விலையில் எடுப்பது என்று நாமே தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த மதிப்பு டார்கெட்டில் சேர்கிறதா என்பதைத் தனியாகக் கேளுங்கள். கமிஷனில் சேரும், டார்கெட்டில் சேராது என்கிற விசித்திரமும் சில சாஃப்ட்வேர்களில் இருக்கும்.

டார்கெட் என்று வரும்போது இன்னொரு கேள்வி. 45,000-ஐத் தாண்டினால் 10 சதவீதம் என்றால், தாண்டிய தொகைக்கு மட்டுமா, முழுத் தொகைக்குமா? ஷீலாவின் 58,000-க்கு முதல் வழியில் 1,300, இரண்டாவது வழியில் 5,800. உங்கள் பார்லரில் வாய்மொழியாக எது நடைமுறையோ அது சாஃப்ட்வேரில் இருக்க வேண்டும். ஒரே வேலையை இருவர் சேர்ந்து செய்வதும் அப்படித்தான். 3,000 ரூபாய் ஹேர் கலரில் சீனியர் கலர் போடுவார். தலை அலசி, உலர்த்தி முடிப்பது ஜூனியர். 2,100, 900 என்று ஒரே பில் வரியைப் பிரித்துப் போட முடிய வேண்டும். முடியாத இடத்தில் முழுத் தொகையும் சீனியர் பெயரில் போகும். ஜூனியருக்குக் கையில் ஏதோ கொடுத்துச் சமாளிப்பார்கள். கணக்கு மறுபடி நோட்டுக்குத் திரும்பிவிடும்.

சிட்டிங் பேக்கேஜைத் தவிர, பணப் பேக்கேஜ் என்று ஒன்று இப்போது நிறைய விற்கிறது. 10,000 ரூபாய் கட்டினால் கணக்கில் 12,000 ரூபாய் ஏறும், எந்தச் சேவைக்கு வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளலாம். இங்கே கணக்கில் இருக்கும் 1,200 ரூபாயின் உண்மை மதிப்பு 1,000 ரூபாய்தான். இதைக் கவனிக்காத சாஃப்ட்வேர், விற்ற அன்று 10,000 விற்பனை என்று எழுதும். கழிக்கக் கழிக்க 12,000 விற்பனை என்று மறுபடி எழுதும். வருடக் கடைசியில் 22,000 ரூபாய் வியாபாரம் நடந்ததாக ரிப்போர்ட் சொல்லும். கல்லாவுக்கு வந்தது 10,000. இதைப் பார்த்து டார்கெட் வைக்கிற முதலாளியும், இதைப் பார்த்து வரிக் கணக்கு போடுகிற ஆடிட்டரும் தப்பான எண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சோதிப்பது சுலபம். டெமோவில் 10,000-க்கு ஒரு பேக்கேஜ் விற்று, 1,200-க்கு ஒரு வேலையைக் கழித்து, அன்றைய விற்பனை ரிப்போர்ட்டை எடுக்கச் சொல்லுங்கள். மொத்த விற்பனை 11,200 என்று ஒரே எண்ணாக வந்தால், அந்த ரிப்போர்ட்டை நம்பி எதையும் செய்ய முடியாது.

எது வர வேண்டும்? மூன்று எண்கள் தனித்தனியாக வர வேண்டும். இன்று கைக்கு வந்த பணம் எவ்வளவு, இன்று செய்த வேலையின் மதிப்பு எவ்வளவு, இன்னும் செய்து கொடுக்க வேண்டிய பாக்கி எவ்வளவு. மூன்றாவது எண்ணை டெமோவில் யாரும் தாமாகக் காட்ட மாட்டார்கள். ஆனால் முதலாளியின் தூக்கத்தைத் தீர்மானிப்பது அதுதான்.

நம் உதாரண பார்லரில் தீபாவளியை ஒட்டி 20 ஃபேஷியல் பேக்கேஜ் விற்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரி போக 1,80,000 ரூபாய் கல்லாவில். அந்த மாதமே ஆளுக்கு ஒரு சிட்டிங் முடிந்தது. அதன் மதிப்பு 30,000. மீதி 1,50,000 ரூபாய் வாடிக்கையாளர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன், வேலையாகத் திருப்பித் தர வேண்டிய கடன். கைக்கு வந்த பணத்தை மட்டும் காட்டும் ரிப்போர்ட்டில் அது பிரமாதமான மாதம். அந்தத் தைரியத்தில் புது ஸ்பா நாற்காலிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடத் தோன்றும். பிறகு மார்கழி வரும். முகூர்த்தம் இல்லை, மணப்பெண் அலங்காரம் இல்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் பேக்கேஜ்காரர்கள். நாற்காலி நிறைந்திருக்கும், கல்லா நிறையாது. கிரீம் வாங்க வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும், வாடகை நிற்காது. பாக்கி எண்ணைத் தீபாவளி மாதமே பார்த்திருந்தால், அந்த 1,50,000-ல் ஒரு பகுதியைத் தொடாமல் ஒதுக்கி வைத்திருப்பார்.

இந்த பாக்கி ரிப்போர்ட் சரியா என்று கண்டுபிடிக்கக் கணக்குப் படிப்பு தேவையில்லை. மாத ஆரம்பத்தில் பாக்கி 62 சிட்டிங். புதிதாக விற்றது 20 பேக்கேஜ், 120 சிட்டிங். இந்த மாதம் செய்தது 71. காலாவதியானது 4. அப்படியென்றால் மாதக் கடைசியில் 107 இருக்க வேண்டும். சாஃப்ட்வேர் 107 என்று காட்ட வேண்டும்; அதில் தட்டினால் யார் யாருக்கு எத்தனை பாக்கி என்ற பட்டியல் விரிய வேண்டும். இன்றைய பாக்கியை மட்டும் காட்டி, போன மாதக் கடைசி தேதிக்கு எவ்வளவு இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாத சாஃப்ட்வேர்கள் உண்டு. அவற்றில் இந்தச் சரிபார்ப்பைச் செய்யவே முடியாது.

காலாவதி பற்றி ஒரு வார்த்தை. ஒரு வருட பேக்கேஜ் முடிந்ததும் மீதி சிட்டிங் தானாக அழிந்துவிடுவது சாஃப்ட்வேருக்கு எளிது. வாடிக்கையாளர் பிரசவத்துக்குப் போயிருப்பார், வெளியூரில் இருந்திருப்பார். முதலாளி பார்த்து ஒரு மாதம் நீட்டித் தர வழி இருக்க வேண்டும். அப்படி நீட்டியது யார், எப்போது என்ற பதிவும் இருக்க வேண்டும். முடிவதற்கு ஒரு மாதம் முன்னால் வாடிக்கையாளருக்குச் செய்தி போனால் இன்னும் நல்லது. அக்காவின் பேக்கேஜில் தங்கை செய்துகொள்ளலாமா, காந்திபுரம் கிளையில் வாங்கியதை ஆர்.எஸ்.புரம் கிளையில் கழிக்கலாமா என்பவையும் முன்பே முடிவு செய்ய வேண்டியவை. கிளை மாறிக் கழித்தால், பணம் வாங்கிய கிளை ஒன்று, வேலை செய்த கிளை ஒன்று. இரண்டுக்கும் இடையே கொடுக்கல் வாங்கலைக் காட்டும் ரிப்போர்ட் இல்லாவிட்டால், வேலை செய்யும் கிளை எப்போதும் நஷ்டத்தில் ஓடுவதுபோலத் தெரியும்.

பேக்கேஜில் கையாடல் நடப்பது வேறு மாதிரி. சிட்டிங்குக்குச் சிட்டிங் கமிஷன் என்று ஆனதும், வராத வாடிக்கையாளர் பெயரில் ஒரு சிட்டிங்கைக் கழித்துவிடும் ஆசை சிலருக்கு வரும். பணம் கைமாறாததால் கல்லாவில் குறை தெரியாது. ஆறு சிட்டிங் வாங்கியவர் ஐந்தாவதுக்கு வரும்போது "மேடம், உங்களுக்கு முடிஞ்சிருச்சே" என்று சொல்ல நேரும்போதுதான் வெளிவரும். அதற்குள் நம் பெயர் கெட்டிருக்கும். இதற்குத் தடுப்பு மிக எளியது: கழிக்கும்போது வாடிக்கையாளரின் கைபேசிக்கு ஓ.டி.பி. போக வேண்டும், கழித்தவுடன் 'இன்னும் 3 சிட்டிங் பாக்கி' என்று செய்தி போக வேண்டும். இரண்டில் ஒன்றாவது இல்லாத சாஃப்ட்வேரை, பேக்கேஜ் விற்கும் பார்லர் வாங்கவே கூடாது என்பது என் கருத்து. ஓ.டி.பி. செய்திக்கான கட்டணம் மாதச் சந்தாவில் அடக்கமா, தனியா என்றும் கேட்டுவிடுங்கள்.

ரொக்கத்தில் நடப்பது இன்னொன்று. வாடிக்கையாளர் 800 ரூபாய் கொடுத்துவிட்டுப் படியிறங்கியதும், பில் ரத்து செய்யப்படும். அன்றைய விற்பனை ரிப்போர்ட்டும் கல்லாவும் சரியாகவே பொருந்தும், ஏனென்றால் இரண்டிலுமே அந்த 800 இல்லை. ஆகவே ரத்தான, திருத்தப்பட்ட, தள்ளுபடி கொடுத்த பில்களின் பட்டியல் தனியாக வேண்டும். எத்தனை மணிக்குப் போட்ட பில், எத்தனை மணிக்கு ரத்தானது, எந்த லாகினில் என்பதெல்லாம் அதில் தெரிய வேண்டும். பில்லைச் சுவடே இல்லாமல் அழிக்க முதலாளிக்கே அனுமதி இருக்கக் கூடாது. ரத்து செய்தாலும் எண் அப்படியே நிற்க வேண்டும். டெமோவில் ஒரு பில்லை ரத்து செய்யச் சொல்லி, அதற்கான கமிஷனும் ஷீலாவின் கணக்கிலிருந்து இறங்குகிறதா என்று பாருங்கள். சம்பளம் போட்ட பிறகு ரத்தானால், அடுத்த மாதக் கணக்கில் அது கழிவாக வர வேண்டும். பழைய மாத ரிப்போர்ட்டே சத்தமில்லாமல் மாறிப்போனால், கொடுத்த சம்பளத்துக்கும் ரிப்போர்ட்டுக்கும் பொருத்தமே இருக்காது.

இவ்வளவையும் கேட்டால் விற்க வந்தவர் "எல்லாம் இருக்கு மேடம், செட்டிங்ஸ்ல போட்டுக்கலாம்" என்பார். இருக்கவும் கூடும். அதனால் வாய்வார்த்தையில் விடாமல், டெமோவுக்கு முன்பே உங்கள் பார்லரின் கமிஷன் விதிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பேக்கேஜ் விற்றவருக்கு எவ்வளவு, செய்தவருக்கு எவ்வளவு, எந்த விலையில், வரி சேர்த்தா சேர்க்காமலா, தள்ளுபடி கொடுத்தால் கமிஷனும் குறையுமா, ஷாம்பு விற்றால் எவ்வளவு. எழுத உட்காரும்போதுதான் பாதி விதிகள் முதலாளியின் மனதில் மட்டுமே இருந்தன என்பதும், சில ஒன்றுக்கொன்று முரண்படுவதும் தெரியும். பிறகு சென்ற மாதத்தின் உண்மையான பில்களில் ஷீலா போன்ற ஒருவருடையதை மட்டும் எடுத்து, இலவச சோதனைக் காலத்தில் சாஃப்ட்வேரில் ஏற்றி, நீங்கள் கையால் போட்ட கமிஷனோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் எந்தப் பில்லில் வந்தது என்று தேடுங்கள். பெரும்பாலும் பேக்கேஜ் கழித்த பில்லிலோ தள்ளுபடி போட்ட பில்லிலோதான் இருக்கும்.

வாங்குவது என்று முடிவான பிறகு பழைய பேக்கேஜ்களை ஏற்றுவதில் கவனம் வேண்டும். கார்டிலும் நோட்டிலும் இருக்கும் பாக்கி சிட்டிங்குகளை 'ஆரம்ப இருப்பு' என்று, பழைய வாங்கிய தேதியோடும் கொடுத்த விலையோடும் ஏற்ற வழி இருக்க வேண்டும். அந்த வழி இல்லாவிட்டால் எல்லாவற்றையும் இன்று விற்றதாகப் புது பில் போடச் சொல்வார்கள். முதல் மாதமே ஏற்கெனவே வரி கட்டிய பணம் மறுபடி விற்பனையாகி, ரேவதிக்குப் பழைய பேக்கேஜ்களின் கமிஷன் இரண்டாம் முறை ஏறிவிடும்.

கடைசியாக, பணம் கட்டுமுன் ஒன்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள்: வாடிக்கையாளர் பெயர், கைபேசி எண், பாக்கி சிட்டிங், காலாவதி தேதி என நான்கு பத்திகளோடு முழுப் பட்டியலையும் எக்செல் கோப்பாக இறக்க முடிகிறதா? நாளை சந்தா நின்றாலும், நிறுவனமே மூடினாலும், யாருக்கு எத்தனை ஃபேஷியல் கடன் என்ற கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும். வாங்கிய பிறகும் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அந்தக் கோப்பை இறக்கி, கடைக் கணினியிலும் உங்கள் மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.